காற்றில் அம்பு தள்ளுவது எதனால்? இறகு, பிளாஸ்டிக் வேன், வால் வடிவம்

கேள்வி: "கொழும்பில் ரிகேர்வ் வில் பழகுகிறேன். 18 மீட்டரில் 4 அங்குல இறகு ஒட்டிய அம்புகள் நன்றாகப் போகின்றன. 50, 70 மீட்டருக்குப் போனால் மாலைக் காற்றில் எல்லாம் வலப்பக்கம் தள்ளுகின்றன, பறக்கும்போது சத்தமும் கேட்கிறது. பிளாஸ்டிக் வேனுக்கு மாறினால் சரியாகுமா? எந்த வடிவம், எந்த அளவு?"

மாறலாம். நீங்கள் சொல்லும் தூரங்களுக்கு மாறத்தான் வேண்டும். ஆனால் காற்று அம்பை எப்படித் தள்ளுகிறது என்பது பிடிபடாமல் வேன் வாங்கினால், கடையில் இருக்கும் பத்து வடிவங்களையும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்துக் காசை விடுவீர்கள். நான் அப்படி விட்டவன். பதினான்கு வருடங்களாக ரிகேர்வ் எய்கிறேன். படித்தது இயந்திரப் பொறியியல். வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் நண்பர்களின் அம்புகளுக்கும் வால் ஒட்டிக் கொடுப்பதுண்டு. கொம்பவுண்ட் வில்லில் எனக்கு அனுபவம் குறைவு, வேட்டை வில்லில் அறவே இல்லை. ஆகவே கீழே வருவதெல்லாம் விரலால் நாண் இழுத்து, இலக்குத் தாளில் எய்பவருக்கு உரியது. (வேன் என்பது இறகுக்குப் பதிலாக அம்பின் வாலில் ஒட்டும் பிளாஸ்டிக் தகடு. அப்படி எழுதும்போதெல்லாம் காலி வீதியில் ஓடும் வேன்தான் கண்ணில் வருகிறது. வேறு சொல் நம்மிடையே புழங்காததால் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் காற்று. வால் பெரிதாக இருந்தால் பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்து அம்பைப் பக்கவாட்டில் இழுத்துப் போகும் என்பதுதான் மைதானத்தில் நாம் கேட்கும் விளக்கம். நடப்பது வேறு. இடப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று வையுங்கள். அது வாலைத்தான் அதிகம் தள்ளும், ஏனென்றால் பக்கவாட்டுப் பரப்பு அங்கேதான் இருக்கிறது. வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம், அதாவது காற்று வரும் பக்கம் திரும்பும். கூரை மேல் இருக்கும் காற்றுச் சேவல் செய்வதும் இதுதான். கொஞ்ச தூரத்துக்குள்ளேயே அம்பு தன்னைச் சுற்றிப் போகும் காற்றுக்கு நேராகத் தன்னை வைத்துக்கொள்ளும். அப்படி வைத்துக்கொண்ட பிறகு பக்கவாட்டுக் காற்று என்று தனியாக ஒன்று அதற்கு இல்லை. எதிர்க்காற்று மட்டும்தான் மிச்சம். ஆனால் அந்த எதிர்க்காற்றின் இழுவை இப்போது நேர் பின்னால் இழுக்கவில்லை. அம்பின் உடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோட்டிலேயே, அதாவது பின்னுக்கும் சற்று வலப்பக்கத்துக்குமாக இழுக்கிறது. அந்தச் சிறிய வலப்பக்கப் பங்குதான் உங்கள் அம்பைத் தள்ளுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். 55 மீட்டர் வேகத்தில் போகும் அம்புக்கு விநாடிக்கு 3 மீட்டர் பக்கக் காற்று கிடைத்தால் சாய்வு ஏறத்தாழ 3 பாகை. காற்றில்லாத காலையில் இலக்கில் குத்தி நிற்கும் அம்புகளையும், காற்றடிக்கும் மாலையில் நிற்கும் அம்புகளையும் பின்னால் நின்று பாருங்கள். மாலையில் நொக்குகள், அதாவது நாணில் மாட்டும் பின்முனைகள், எல்லாம் காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இலக்குப் பலகை பழசாகி மெதுத்திருந்தால் சாய்வு குழம்பிவிடும். புதுப் பலகையில் தெளிவாகத் தெரியும்.

ஆகவே, தள்ளல் வருவது இழுவையால். இதற்கு 19ஆம் நூற்றாண்டுப் பீரங்கிக்காரர்களே ஒரு சின்னக் கணக்கு வைத்திருந்தார்கள். அம்பு இலக்கை அடைய எடுத்த உண்மையான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இழுவையே இல்லாமல் தொடக்க வேகத்திலேயே போயிருந்தால் எடுத்திருக்கும் நேரத்தை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதைப் பிந்தல் என்று சொல்வோம். பிந்தலைக் காற்று வேகத்தால் பெருக்கினால் தள்ளல் கிடைக்கும். அவ்வளவுதான். மொத்தப் பறப்பு நேரத்தால் பெருக்குவதல்ல, பிந்தலால் மட்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குவது.

உங்கள் அம்பையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்க வேகம் விநாடிக்கு 55 மீட்டர், தூரம் 70 மீட்டர், பக்கக் காற்று 3 மீட்டர். இழுவை இல்லாவிட்டால் 1.27 விநாடியில் போய்ச் சேரும். வழவழப்பான சிறிய வேன் ஒட்டிய மெல்லிய அம்பு 70 மீட்டரில் 8 சதவீத வேகத்தை இழக்கிறது என்று வைத்தால், பிந்தல் ஏறத்தாழ 0.055 விநாடி. தள்ளல் 16 சென்டிமீட்டர். 4 அங்குல இறகு ஒட்டிய அம்பு 16 சதவீதம் இழக்கிறது என்று வைத்தால், பிந்தல் 0.117 விநாடி, தள்ளல் 35 சென்டிமீட்டர். 122 சென்டிமீட்டர் இலக்குத் தாளில் ஒரு வளையத்தின் அகலம் 6.1 சென்டிமீட்டர். முதலாவது இரண்டரை வளையம், இரண்டாவது ஆறு வளையத்துக்குக் கிட்ட. இந்த 8, 16 என்பவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் அம்புக்கு உரிய எண் தண்டின் தடிப்பையும் எடையையும் பொறுத்து மாறும். ஆனால் இழப்பு இரட்டித்தால் தள்ளலும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மாறாது.

இதே கணக்கு உங்கள் 18 மீட்டர் புதிரையும் அவிழ்க்கும். பிந்தல் தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. 70 மீட்டரில் 35 சென்டிமீட்டர் தள்ளும் அதே இறகு அம்பு, அதே காற்றில் 50 மீட்டரில் 18 சென்டிமீட்டரும், 18 மீட்டரில் வெறும் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும்தான் தள்ளும். மண்டபத்துக்குள் அதுவும் இல்லை. 18 மீட்டரில் இறகு நன்றாக இருக்கிறது என்றால் அங்கே அதன் குறை வெளியே வர இடமில்லை என்று அர்த்தம்.

அதற்காக இறகைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வான்கோழிச் சிறகின் இறகு செய்யும் ஒரு வேலையை எந்தப் பிளாஸ்டிக்கும் அந்த அளவுக்குச் செய்வதில்லை: எதிலாவது பட்டால் மடிந்து, கடந்ததும் நிமிர்ந்துவிடும். விரலால் விடும் வில்லில் அம்பு நேராகப் போவதில்லை. வளைந்து, நெளிந்து, வில்லின் நடுப்பிடியான ரைசரைச் சுற்றிப் போகிறது. உங்கள் விடுகை ஒருநாள் பிசகினால், வால் ரைசரிலோ அம்பைத் தாங்கும் ரெஸ்டிலோ உரசும். இறகு அதை மன்னிக்கும், விறைப்பான வேன் அம்பை உதைத்துவிடும். ரெஸ்ட் இல்லாமல் வில்லின் தட்டிலிருந்தே நேராக எய்யும் மரவில்காரர்களுக்கு இறகை விட்டால் வழியில்லை. உலக வில்வித்தைச் சம்மேளன விதிகளில் லாங்போ பிரிவுக்கு இயற்கை இறகுதான் ஒட்ட வேண்டும் என்றும் இருக்கிறது.

இரண்டாவது, எடை. 4 அங்குல இறகு மூன்றும் சேர்ந்து 8 கிரெயின் அளவுதான் வரும். அதே நீளத்தில் சாதாரண பிளாஸ்டிக் வேன் மூன்று 20 கிரெயினைத் தாண்டலாம். 12 கிரெயின் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அது அம்பின் கடைசி முனையில் ஏறுகிறது என்பதுதான் விஷயம். 29 அங்குலம், 350 கிரெயின் அம்பு ஒன்றை எடுங்கள். நொக்கிலிருந்து 18 அங்குலத்தில் சமநிலை நிற்கிறது என்றால், அது நடுவிலிருந்து 12 சதவீதம் முன்னால். வாலில் 12 கிரெயின் கூட்டினால் சமநிலைப் புள்ளி அரை அங்குலம் பின்வாங்கி, 12 சதவீதம் 10 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது. அம்பு கொஞ்சம் வேகம் குறைவதோடு, வால் கனத்ததால் விடுகையில் சற்று விறைப்பான அம்பு மாதிரி நடந்துகொள்ளும். வலக்கைக்காரர் என்றால் குத்துகள் இடப்பக்கம் நகரும். இறகைக் கழற்றி நீளமான வேன் ஒட்டிய ஒருவர் "இப்போது காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறது" என்று என்னிடம் வந்தது நினைவிருக்கிறது. காற்றோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. டியூன், அதாவது வில்லுக்கும் அம்புக்கும் உள்ள பொருத்தம், மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இனி வடிவம். வால் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: அம்பு கோணலாகக் கிளம்பினால் அதை நேராக்குவது. கோணலான வாலில் காற்று பக்கவாட்டில் அடித்துத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் சமநிலைப் புள்ளியைச் சுற்றி அம்பைத் திருப்புகிறது. எனவே மூன்று விஷயங்கள் கணக்கில் வரும். வாலின் பரப்பு, சமநிலைப் புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரம், அம்பின் வேகம். வேகம் வர்க்கமாக வேலை செய்கிறது. மெல்லிய வில்காரருக்குப் பெரிய வால் தேவைப்படுவது அதனால்தான். சமநிலைப் புள்ளி முன்னால் போனால் நெம்புகோல் நீளும், சின்ன வாலே போதும். 10 கிரெயின் கூடிய முனை போட்டு வாலைச் சிறிதாக்குவது பலமுறை எனக்குக் கைகொடுத்த வழி. ஆனால் முனை கனத்தால் தண்டு மெலிவாக நடக்கும் என்பதால் டியூனைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நீளமும் உயரமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. தண்டை ஒட்டிய காற்று தண்டோடு இழுபட்டு மெதுவாகிப் போகிறது. அதற்குள் கிடக்கும் வேனின் அடிப்பகுதி சோம்பேறி. உயரமான பகுதிதான் தெளிந்த காற்றில் நின்று வேலை செய்கிறது. அதனால் குட்டையாகவும் உயரமாகவும் இருக்கும் வேன், நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும் வேனை விடக் குறைந்த பரப்பில் அதிகம் திருப்பும். அதற்கு விலையும் உண்டு. உயரம் கூடினால் ரெஸ்டில் இடிக்க வாய்ப்பு கூடும், சத்தமும் கூடும். 2 அங்குலமும் விறைப்பும் உள்ள உயரமான வேன்கள் கொம்பவுண்ட்காரர்களுக்கு நன்றாகப் பொருந்துகின்றன, அவர்களுடைய ரெஸ்ட் விழுந்து வழிவிடும். நமக்கு அவை தொல்லை. 70 மீட்டர் ரிகேர்வ்காரர்கள் பெரும்பாலும் மெல்லிய படலத்தால் ஆன, வளைந்து சுருண்ட ஸ்பின் வேன்களை ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். எடை மிகக் குறைவு, வழவழப்பு, பட்டால் மடங்கும். மடங்கும் குணத்தில் இறகுக்கு அடுத்தபடி அவைதான். குறை என்னவென்றால் எளிதில் கிழியும். இரண்டு அம்பு நெருங்கிக் குத்தினால் ஒன்றாவது போய்விடும்.

சுழற்சியைப் பற்றி ஒரு சொல். ஹெலிக்கலாக, அதாவது தண்டைச் சுற்றிச் சுருளாக வளைத்து ஒட்டினால் அம்பு பம்பரம் மாதிரிச் சுழன்று நிலைக்கும் என்று சொல்வார்கள். அம்பு மெலிந்த உடல், சுழலும் வேகமும் துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பாகாது. பம்பர விளைவு அதில் சொற்பம். சுழற்சியின் உண்மையான பயன் வேறு. தண்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும், ஒரு வேன் கோணலாக ஒட்டியிருந்தாலும், அந்தக் குறை ஒரே பக்கம் இழுக்காமல் எல்லாப் பக்கமும் மாறி மாறி இழுத்துச் சமனாகிவிடும். அதற்குக் கொஞ்சச் சுழற்சி போதும். அதிகம் சுழற்றினால் அதுவும் இழுவைதான். நேரான பிளாஸ்டிக் வேனுக்கு 1 முதல் 2 பாகைச் சாய்வு கொடுப்பேன். ஸ்பின் வேனுக்குச் சுருளே சுழற்சியைத் தரும், நேராகவே ஒட்டலாம். இறகுக்குச் சிறகின் பக்கம் முக்கியம். இடச் சிறகின் இறகும் வலச் சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்திருக்கும். ஓர் அம்பில் இரண்டையும் கலந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். கலந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு இறகை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள், வளைவு ஒத்துப்போகாவிட்டால் வேறு வேறு சிறகு.

பின் விளிம்பு கூர்மூலையோடு வெட்டிய கேடய வடிவமா, வட்டமாக இறங்கும் பரவளைய வடிவமா என்பதைப் பற்றி வாதம் ஓயாது. பரப்பு ஒன்றாக இருந்தால் கூட்டத்தின் அளவில், அதாவது குத்துகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதில், என் கையில் அந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்ததில்லை. சத்தத்தில் தெரிந்தது. கேடய வடிவத்தின் கூரான மேல் மூலை அதிகம் சீறும். பரவளையம் அடங்கிப் போகும்.

சத்தம் என்று நீங்கள் கேட்டதற்கும் இங்கேதான் பதில். பறக்கும் அம்பின் சத்தம், காற்று வாலின் விளிம்புகளில் பிய்ந்து போவதால் வருகிறது. உயரம், கூர்மூலை, கூடிய ஹெலிக்கல், சொரசொரப்பு எல்லாம் அதைக் கூட்டும். இறகு இதில் முன்னணி. தேய்ந்து, ஓரம் பிரிந்த இறகு இன்னும் மோசம். இலக்கில் எய்பவருக்குச் சத்தம் ஒரு புள்ளியையும் குறைக்காது என்பதால் அதை மட்டும் வைத்து வேன் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆனால் அதைக் கேளுங்கள், அது வேறு சேதி சொல்லும். ஒரு மாலை என்னோடு எய்யும் பெடியன் ஒருத்தன் சொன்னான்: "அண்ணை, உங்கட அஞ்சாவது அம்பு மட்டும் பாடிக்கொண்டு போகுது." எடுத்துப் பார்த்தால் ஒரு வேனின் முன்முனைப் பசை விட்டு, வேன் காற்றில் படபடத்திருக்கிறது. அந்த அம்புதான் இரண்டு வாரமாகக் கூட்டத்துக்கு வெளியே கீழே போய்க்கொண்டிருந்ததும். ஆறில் ஒன்று மட்டும் பாடினால் அந்த அம்பில் கோளாறு. ஆறும் முதல் பத்து மீட்டரில் பாடி அடங்கினால், அவை கோணலாகக் கிளம்பி வாலால் இழுத்து நேராக்கப்படுகின்றன. அது டியூன் பிழை. இலக்கு வரைக்கும் ஒரே சீராகச் சீறினால்தான் அது வாலின் இயல்பு.

டியூன் பிழைக்கும் காற்றுத் தள்ளலுக்கும் தொடர்பு உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. கோணலாக, ஆடிக்கொண்டே போகும் அம்பு நேராகப் போகும் அம்பை விட அதிக இழுவையைச் சம்பாதிக்கிறது. இழுவை கூடினால் பிந்தல் கூடும், பிந்தல் கூடினால் தள்ளல் கூடும். பெரிய இறகு ஒட்டி டியூன் பிழையை மறைத்தவர் காற்றில் இரண்டு முறை தண்டம் கட்டுகிறார். ஆகவே வேன் வாங்கும் முன் வால் இல்லாத வெறும் தண்டு இரண்டை 18 மீட்டரில் எய்து பாருங்கள். வால் உள்ள அம்புகளோடு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் குத்தினால் மேலே போகலாம். ஒரு சாண் தள்ளிக் குத்தினால் முதலில் அம்பின் பக்கத்தைத் தாங்கும் பிளஞ்சர், தண்டின் விறைப்பான ஸ்பைன், நாணில் நொக் மாட்டும் உயரம் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

அப்புறம் எப்படித் தேர்ந்தெடுப்பது? அம்பை நேராக்கப் போதுமான அளவில் மிகச் சிறிய, மிக வழவழப்பான வால் எது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கீழே போனாலும் நட்டம்தான், ஏனென்றால் மிகச் சிறிய வால் காற்றுக்கு மூக்கைத் திருப்பவும் தாமதிக்கும். அந்த நேரமெல்லாம் காற்று தண்டின் பக்கத்தில் அடித்துத் தள்ளும். நான் செய்வது இதுதான். ஒரே தொகுதி அம்புகளில் மூன்றில் இறகை விட்டுவிட்டு, மூன்றில் 1.75 அங்குல ஸ்பின் வேன் ஒட்டுவேன். ஸ்பின் வேன் அம்பின் எடை குறைந்தால் பின்முனையில் டேப் சுற்றிச் சமப்படுத்துவேன். காற்று எழும்ப முன், காலை ஏழு மணிக்குள், 20 மீட்டரில் இரண்டு தொகுதியும் ஒரே இடத்தில் குத்துவதை உறுதிசெய்வேன். பிறகு சைட்டைத் தொடாமல் வைத்து 70 மீட்டருக்குரிய ஒரே குறியில் இரண்டையும் எய்வேன்.

இப்போது பக்கவாட்டைப் பார்க்க வேண்டாம், உயரத்தைப் பாருங்கள். இழுவை கூடிய அம்பு கீழே குத்தும். மேலே போட்ட கணக்கில் 8 சதவீதத்துக்கும் 16 சதவீதத்துக்கும் இடையில் விழுகை ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் வேறுபடும், இறகு அம்புகள் தாளின் அடி விளிம்பிலோ அதற்கு வெளியிலோ போகும். ஆகவே அவற்றுக்கு இலக்கின் மேல் விளிம்பைக் குறிவைத்துத் தொடங்குங்கள், குறி உயர்த்திய தூரத்தை அளந்த வேறுபாட்டோடு கூட்டிக்கொள்ளுங்கள், பலகைக்குப் பின்னால் வலையோ மண்மேடோ இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமானி இல்லாமலேயே உங்கள் வாலின் இழுவையை அளக்கும் வழி இது. காற்றில்லாத காலையில் கிடைக்கும் அந்த உயர வேறுபாட்டை மூன்றால் வகுத்தால், 3 மீட்டர் பக்கக் காற்றில் வேன் மாற்றம் உங்களுக்கு மிச்சம்பிடிக்கப் போகும் பக்கவாட்டுத் தூரம் கிட்டத்தட்ட வந்துவிடும். 55க்கு 18. நீங்கள் அளந்தது 20 சென்டிமீட்டர்தான் என்றால் மிச்சம் 7 மட்டும், அதாவது ஒரு வளையம். அப்போது பெரிய எதிர்பார்ப்போடு மாறாதீர்கள்.

உயரம் பார்த்தபின் கூட்டத்தைப் பாருங்கள். காற்றில்லாத காலையிலும் ஸ்பின் வேன் கூட்டம் இறகுக் கூட்டத்தை விட விரிந்திருந்தால் இரண்டில் ஒன்று: வால் உரசுகிறது, அல்லது போதவில்லை. உரசலைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் லிப்ஸ்டிக் போதும். ரெஸ்டின் கம்பியிலும் ரைசரின் உட்பக்கத்திலும் மெல்லிசாகப் பூசி இரண்டு அம்பு எய்யுங்கள். வேனின் ஓரத்தில் நிறம் ஒட்டியிருந்தால் நொக்கைச் சற்றுத் திருப்பி மீண்டும் எய்யுங்கள். நிறமே இல்லாமல் கூட்டம் விரிந்தால் ஒரு அளவு பெரிய வேனுக்குப் போங்கள், அல்லது முனையின் எடையைக் கூட்டுங்கள். கூட்டம் ஒன்றாக இருந்து மாலையில் தள்ளல் குறைந்தால் தேடியது கிடைத்துவிட்டது.

மாலை என்றதும் நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் பிற்பகலில் கடலிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வீசும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். உங்கள் அம்பு வலப்பக்கம் போகிறது என்றால் நீங்கள் வடக்குப் பார்த்து எய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சீராக வீசும் காற்று உண்மையில் பிரச்சினை இல்லை, சைட்டை நகர்த்தினால் முடிந்தது. தொல்லை கொடுப்பது காற்றின் ஏற்ற இறக்கம். ஓர் அம்புக்கு 1 மீட்டர், அடுத்ததுக்கு 4 மீட்டர் என்று வீசினால், 0.117 விநாடிப் பிந்தல் உள்ள இறகு அம்புகள் இரண்டும் 35 சென்டிமீட்டர் விலகி விழும், 0.055 உள்ளவை 16. எந்த வேனும் இதைப் பூச்சியமாக்காது. மைதானத்தைச் சுற்றிக் கட்டடம் இருந்தால் கொடி ஒரு பக்கமும் இலக்கடியில் காற்று இன்னொரு பக்கமும் போகும். அதையெல்லாம் கணக்கால் பிடிக்க முடியாது, எய்து பழகத்தான் வேண்டும்.

மழைக்கு இறகு சரிவராது. நனைந்தால் படுத்துவிடும், கனக்கும், விழுகை மாறிப்போகும். நசுங்கிய இறகைக் கேத்தில் ஆவியில் சில விநாடி காட்டினால் நிமிர்ந்துவிடும் என்பது அதன் நல்ல குணம். பூச்சியும் இறகைத் தின்னும். மாதக்கணக்கில் எடுக்காத அம்புப் பெட்டிக்குள் இரண்டு அந்துருண்டை போட்டு வையுங்கள். ஸ்பின் வேனின் எதிரி வேறு: வெயிலில் பூட்டிய காருக்குள் அம்புப் பெட்டியை விட்டால் அதை ஒட்டியிருக்கும் இருபக்க டேப் இளகி, வேன் நகர்ந்துவிடும். ஒட்டும் முன் கார்பன் தண்டை ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து, பிறகு விரல் படாமல் ஒட்டுங்கள். நம் வியர்வையும் கடற்கரை உப்பும்தான் பாதி வேன்களைக் கழற்றுகின்றன.

போட்டிக்குப் போகும்போது ஒன்று கவனம். ஒரு முறைக்கு எய்யும் அம்புகள் எல்லாம் ஒரே வால், ஒரே நிறம், ஒரே நொக் என்று இருக்க வேண்டும் என்பது விதி. சோதனைக்காக மூன்று இறகு, மூன்று வேன் என்று வைத்திருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரு தொகுதியை 4 அங்குல இறகோடு 18 மீட்டருக்கென்றே வைத்துவிட்டு, இன்னொரு தொகுதிக்கு 1.75 அங்குல ஸ்பின் வேன் ஒட்டுவேன். இறகை உரித்தெடுக்கும்போது தண்டில் கத்தியைப் படுக்கப் பிடியுங்கள். கார்பன் இழையில் கீறல் விழுந்தால் அந்தத் தண்டை எய்யக்கூடாது.